நான் யாரு, சொல்லு நைனா

நாராயணப்பனுக்கு நிமோனியா வந்ததுகூட அந்த ஆஸ்பத்திரிக்குப் பெரிய தொல்லையாக இல்லை. அவருடைய வாய்தான் தொல்லை. வேப்பனப்பள்ளியிலிருந்து கட்டை வண்டியில் போட்டு, கிருஷ்ணகிரி எல்லையில் இருந்த அந்த மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து இறக்கிய நிமிஷம் முதல் அவர் வைய ஆரம்பித்தார். வண்டிக்காரனை வைதார், கட்டிலை வைதார், கஞ்சியை வைதார். தமிழில் தீர்ந்தால் தெலுங்கு, தெலுங்கில் தீர்ந்தால் கன்னடம். எல்லையோரத்து மனிதர், வசவுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு வசவுக்கும் நடுவில் வலது விலாவைப் பிடித்துக்கொண்டு இருமுவார். துருப்பிடித்த தகரத்தைக் கரைத்த மாதிரி நிறத்தில் சளி வரும். அதைத் துப்பிவிட்டு மறுபடியும் ஆரம்பிப்பார்.

அந்த வசவில் முக்கால் பங்கு அவருடைய மகள் முனிலட்சுமிக்கு. புருஷன் செத்து, பிள்ளையும் இல்லாமல், அப்பன் வீட்டுக்கே திரும்பி வந்தவள். அப்பனுக்குக் களி கிண்டுவதும் மாட்டுக்குத் தண்ணி காட்டுவதும் அவள்தான். மாந்தோப்புக்குக் காவல் போவதும் அவள்தான். அத்தனைக்கும் அவளுக்குக் கிடைத்த கூலி ஒரே ஒரு சொல். "ஏமே!" தெலுங்கில், ஏய் பொம்பளே என்று மாட்டைக் கூப்பிடுகிற மாதிரி ஒரு கூப்பாடு. அவள் திரும்பி வந்த நாளிலிருந்து அவர் வாயில் அவள் பெயர் வந்ததே கிடையாது. பெயரைச் சொன்னால் நாக்கு வெந்துவிடும் போல.

"ஏமே, தண்ணி கொண்டா. ஏமே, தரித்திரம், எங்க போய்த் தொலைஞ்சே?"

அவள் கொண்டுவருவாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் கொண்டுவருவாள். வயிறு பற்றி எரியும். செத்துத் தொலையட்டும் என்று கூட ஒரு நொடி நினைப்பாள். நினைத்தது யாருக்காவது கேட்டிருக்குமோ என்று உடனே பயந்து, தண்ணியில் இன்னும் கொஞ்சம் சூடு சேர்த்து எடுத்துவருவாள்.

அந்த வார்டுக்குத் தலைமை நர்ஸ் தேவமணி. பேச்சில் தேன் தடவத் தெரியாத அம்மாள். முதல் நாளே முனிலட்சுமியைக் கூப்பிட்டுப் பட்பட்டென்று சொல்லிவிட்டாள். "இத பாரும்மா. வயசானவரு. ஊசி நான் போடுவேன், ஆனா ஊசி மட்டும் காப்பாத்தாது. இவரை மல்லாக்கப் படுக்கப் போடாதே. சாஞ்சு உக்காந்த மாதிரியே இருக்கணும்."

முதுகுக்குச் சாய்ப்புப் பலகை எல்லாக் கட்டிலுக்கும் கிடையாது. தேவமணி ஒரு மர நாற்காலியை எடுத்துக் கட்டிலின் தலைமாட்டில் தலைகீழாகக் கவிழ்த்தாள். அதன் முதுகு சரிவாக நின்றது. அதன்மேல் தலையணை இரண்டு போட்டு நாராயணப்பனைச் சாய்த்தாள். முழங்காலுக்குக் கீழே ஒரு சுருட்டிய போர்வை, வழுக்கி இறங்காமல் இருக்க.

"படுக்கணும்னா இடது பக்கமாத் திருப்பிப் படுக்க வை. நோவு வலது பக்கத்து நுரையீரல்ல. நல்ல பக்கம் கீழே இருந்தா மூச்சு நல்லா சேரும். ரெண்டு மணிக்கொரு வாட்டி மாத்து. அவரு வலது பக்கமே கேப்பாரு, அப்பத்தான் விலா வலிக்காதுன்னு. விடாதே."

"திட்டுவாருங்க."

"திட்டட்டும். இருமலும் அப்படித்தான். இருமலை அடக்கக் கூடாது. இந்தத் தலையணையை வலது விலாவோட அணைச்சுப் புடிக்கச் சொல்லு. நாலு மூச்சு ஆழமா இழுக்கச் சொல்லு. அப்புறம் முன்னால குனிஞ்சு வயித்துலேருந்து இருமணும். உள்ளே தங்குற சளிதான் ஆளைக் கொல்லும். ஊசி ஆறு மணிக்கொரு தரம். தூங்கினாலும் எழுப்பித்தான் போடுவோம். பென்சிலின் ஒடம்புல தங்காது, மூத்திரத்தோட போயிடும். ஒரு வேளை தவறினா, அந்த நேரத்துல கிருமிக்குக் கொண்டாட்டம்."

முனிலட்சுமி தலையாட்டினாள். மூன்று நாள் அப்படியே செய்தாள். அவர் வைதார், அவள் திருப்பினாள். அவர் உமிழ்ந்தார், அவள் மூடி போட்ட தகரக் குவளையைப் பிடித்தாள். வாசலில் பெங்களூருக்குப் போகிற லாரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. தர்மபுரியைத் தனி ஜில்லாவாக்கிச் சில வருஷம் ஆகியும் ரோடு மட்டும் பழைய குண்டும் குழியுமாகவே கிடந்தது. லாரி ஒவ்வொன்றும் தூக்கிப் போட்டுக்கொண்டு போகும்போது ஜன்னல் அதிரும். அதற்கும் சேர்த்து நாராயணப்பன் வைவார்.

நாலாம் நாள் விடிந்தபோது அவர் வையவில்லை.

முனிலட்சுமிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கொதித்துக்கொண்டிருந்த நெற்றி சில்லென்று இருந்தது. வேர்வை பூத்திருந்தது. அப்பாடா, காய்ச்சல் விட்டது! இருமலும் இல்லை. கண்ணைப் பாதி திறந்து அவளைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"வந்துட்டியா கண்ணு?"

அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

"உன்னைப் பாடாப் படுத்திட்டேன். மனசுல வச்சுக்காதே. உன்ன மாதிரி ஒருத்தி எனக்குக் கெடச்சது நான் பண்ண புண்ணியம்."

முனிலட்சுமி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது பாருங்கள், புருஷன் செத்தபோதுகூட அப்படி அழவில்லை. இத்தனை வருஷம் வயிற்றில் கிடந்து எரிந்ததெல்லாம் ஒரே வாய்த் தண்ணியில் அணைந்த மாதிரி இருந்தது. அவருடைய கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கை ஜில்லிட்டிருந்தது. குளிருக்கு என்று நினைத்தாள். மார்கழிக் குளிர்தானே!

அவர் மறுபடி கண்ணை மூடினார். மூன்று நாள் தூங்காத மனிதர், இப்போதாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. நாற்காலியில் சாய்ந்து தலை தொங்கிக்கொண்டு கிடப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. நாற்காலியை உருவி எடுத்தாள். தலையணைகளை எடுத்தாள். மல்லாக்க, கால் நீட்டி, ராஜா மாதிரி படுக்க வைத்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். இருமலுக்கு எழுப்பவில்லை. திருப்பவில்லை. யாராவது பக்கத்துக் கட்டிலில் சத்தமாகப் பேசினால் விரலை வாயில் வைத்து மிரட்டினாள்.

அன்றைக்கென்று காலையிலேயே ஹோசூர் ரோட்டில் லாரியும் பஸ்ஸும் மோதிக்கொண்டன. அடிபட்டவர்களைக் கொண்டுவந்து வராண்டா முழுக்கக் கிடத்தினார்கள். டாக்டர் ஆபரேஷன் அறைக்குள் போனவர் வெளியே வரவில்லை. தேவமணியும் அங்கேதான் இருந்தாள். உச்சி நேரத்து ஊசிக்கு வேறு ஒரு நர்ஸ்தான் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். முனிலட்சுமி கட்டிலுக்குக் குறுக்கே நின்றாள்.

"காய்ச்சல் வுட்டுப் போச்சும்மா. இப்பத்தான் கண்ணசந்தாரு. எழுப்பாதே."

"ஊசி நேரமாச்சுங்களே."

"ஒரு வேளை இல்லாட்டி என்ன, ஆளு செத்தா போயிடுவாரு? அப்புறமா வா போ!"

வராண்டாவிலிருந்து யாரோ அந்த நர்ஸைக் கத்திக் கூப்பிட்டார்கள். ரத்தமும் கூச்சலுமாக இருக்கிற நேரத்தில், நிம்மதியாகத் தூங்குகிற கிழவருக்காக யார் சண்டை போடுவார்கள்? அவள் போய்விட்டாள். முனிலட்சுமிக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்பனுக்காக அவள் நின்று பேசிய முதல் சண்டை அது.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் சென்னப்பன் வந்தான். தனிக்குடித்தனம் போனவன். அப்பன் வைவதற்கு எட்டாத தூரத்தில் சுகமாக இருப்பவன். மூன்று நாளாக எட்டிப் பார்க்காதவன், காய்ச்சல் விட்டது என்று ஊர்க்காரன் ஒருவன் சொல்லக் கேட்டதும் கையில் வேப்பிலைக் கொத்தோடு வந்து நின்றான்.

"காய்ச்சல் வுட்டுதுன்னா தலைக்குத் தண்ணி ஊத்திடணும் புள்ளே. வண்டி வெளியே நிக்குது. தண்ணி ஊத்தி, வாயில ரெண்டு வாய் கூழ ஊத்தி, பொழுதோட ஊட்டுக்குப் போயிடலாம். நாளைக்கு அமாவாசை. ஆஸ்பத்திரியில கெடக்கக் கூடாது."

காய்ச்சல் விட்டால் தலைக்குத் தண்ணி என்பது அந்தப் பக்கத்தில் யாரும் கேள்வி கேட்காத வழக்கம். நோயை வழியனுப்பி வைப்பது மாதிரி. முனிலட்சுமிக்கும் சந்தோஷம்தான். சென்னப்பன் சமையல்கட்டுக்குப் போய் வெந்நீர் ஒரு வாளி வாங்கிவந்தான். வேப்பிலையை அதில் போட்டான். அவள் கேழ்வரகுக் கூழைக் கரைத்து, மூக்கு வைத்த கிண்டியில் ஊற்றி, படுத்திருந்தவர் வாயருகே கொண்டுபோனாள்.

"கூழை எடு!"

வாசலில் தேவமணி நின்றாள். வெள்ளைச் சேலை முழுக்க யாருடைய ரத்தமோ. இரண்டே எட்டில் வந்து கிண்டியை முனிலட்சுமி கையிலிருந்து பிடுங்கினாள்.

"பாதி மயக்கத்துல படுத்திருக்கிற ஆளு வாயில ஊத்தினா அது வயித்துக்குப் போவாது, நேரா நுரையீரலுக்குப் போவும். ஏற்கெனவே அங்கே இடம் இல்லே! நாற்காலி எங்க? யாரு இவரை மல்லாத்திப் போட்டது?"

"தூங்கறாருங்க. காய்ச்சல் விட்டிருச்சு—"

"தூக்கமா இது? பாரு!" தேவமணி போர்வையை உருவிச் சட்டையை விலக்கினாள். "நல்லாப் பாரு. வயிறு எப்படி உள்ளே வெளியே அடிச்சிக்குது. கழுத்து நரம்பு இழுக்குது. மூக்கு விடைக்குது."

அப்போதுதான் முனிலட்சுமி பார்த்தாள். காலையிலிருந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் மார்பைப் பார்க்கவே இல்லை. மூச்சு ஓடி வந்த நாய்க்கு இரைக்கிற மாதிரி சின்னச் சின்னதாக, அவசர அவசரமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தேவமணி மார்பில் குத்தியிருந்த கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்து, ஒரு நிமிஷம் முழுக்க எண்ணினாள். நாற்பதைத் தாண்டியது. நேற்று அதில் முக்கால்வாசிதான் இருந்தது. அவருடைய விரலைத் தூக்கிக் காட்டினாள். நகம் நாவற்பழம் தின்ற வாய் மாதிரி நீலம் பாய்ந்திருந்தது.

"மூத்திரம் போனாரா?"

"விடிஞ்சதுலேருந்து இல்லீங்க."

"காய்ச்சல் விட்டதுன்னு யாரு சொன்னா? கிழவங்களுக்குக் காய்ச்சல் இறங்கினா நல்லதுன்னு அர்த்தமில்லே. மூச்சும் இறங்கணும், புத்தியும் தெளியணும். ஒடம்புக்குச் சண்டை போட முடியாமப் போனாலும் காய்ச்சல் இறங்கும். கையைத் தொட்டுப் பாரு, பொணம் மாதிரி. உச்சி ஊசி போட்டாச்சா?"

"தூங்கறாருன்னு நான்தான் திருப்பி அனுப்பிட்டேங்க," என்றாள் முனிலட்சுமி.

சென்னப்பன் மீசையைத் தடவினான். "இதோ பாருங்கம்மா, ஆளு அமைதியாத்தான் இருக்காரு. மூணு நாளா வெறும் வசவு. இப்பத்தான் நல்ல வார்த்தை பேசறாராம். எங்க வழக்கப்படி தண்ணி ஊத்தி நாங்க கூட்டிக்கிட்டுப் போறோம்."

"நல்ல வார்த்தை பேசறாரா?" தேவமணி சட்டென்று திரும்பினாள். நாராயணப்பனின் தோளைத் தட்டினாள். "பெரியவரே! கண்ணைத் தொறங்க. இது யாரு? உங்க பக்கத்துல நிக்கிறது யாரு?"

நாராயணப்பன் கண்ணைத் திறக்கச் சிரமப்பட்டார். முனிலட்சுமியைப் பார்த்தார். நீலம் பூத்த உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. அவள் குனிந்தாள்.

"கெங்கம்மா," என்றார். "எம் பொண்டாட்டி. தோப்புலேருந்து வந்துட்டா."

கெங்கம்மா செத்துப் பத்து வருஷத்துக்குமேல் ஆயிற்று.

அந்தக் கண்ணும் புண்ணியமும் எல்லாம் செத்துப்போன அம்மாவுக்கு. முனிலட்சுமிக்கு அதில் ஒரு துளிகூட இல்லை. மூச்சுக் காற்று மூளைக்குப் போதாமல் உளறிய உளறலை மடியில் கட்டிக்கொண்டு, அதற்காக ஊசியைத் தடுத்து, தலையணையை உருவி, அப்பனைக் கொல்லப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு வந்த ஆத்திரம் யார்மேல் என்றே தெரியவில்லை. அப்பன்மேலா, அம்மாமேலா, தன்மேலா? அது மண்டைக்குள் கிர்ரென்று ஏறியது.

அதற்குள் சென்னப்பன் வாளியைத் தூக்கினான். "எப்படியும் போற உசுருன்னா ஊட்டுலயே போவட்டும்."

"வாளியை வை!" என்று கத்தினாள் முனிலட்சுமி. வார்டே திரும்பிப் பார்த்தது. "மூணு நாளா எங்கேடா இருந்தே நீ? மூத்திரச் சட்டி தூக்குனியா? சளி ஏந்துனியா? வசவு வாங்குனியா? தண்ணி ஊத்த மட்டும் வந்துட்டான்! போ, உன் வண்டியையும் உன் அமாவாசையையும் ஓட்டிக்கிட்டுப் போ!"

அண்ணனை அவள் டா போட்டது அதுதான் முதல் தடவை. அவன் வாளியை வைத்த வேகத்தில் வெந்நீர் அவன் காலிலேயே சிந்தியது. நல்லா வேணும்.

"நாற்காலி!" என்றாள் தேவமணி.

முனிலட்சுமி ஓடிப்போய் எடுத்துவந்து கவிழ்த்தாள். இருவரும் ஆளுக்கொரு அக்குளில் கைகொடுத்து நாராயணப்பனை மேலே இழுத்துச் சாய்த்தார்கள். ஆக்சிஜன் உருளையை உருட்டி வந்தார்கள். மூக்கில் ரப்பர் குழாய் ஏறியது. தவறிப்போன பென்சிலினை தேவமணி அப்போதே தொடையில் போட்டாள். டாக்டர் ஆபரேஷன் அறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார். நாடி மெலிந்திருக்கிறது, ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது என்றார். கையில் சலைன் ஏற்றச் சொன்னார். இன்னொரு மருந்தும் சேர்த்தார். "பார்க்கலாம்," என்றார். அந்த ஒரு வார்த்தையில் எத்தனை பயம் இருந்தது என்று முனிலட்சுமிக்குத் தெரிந்தது.

தேவமணி தொண்டையில் குழாய் விட்டுச் சளியை உறிஞ்சி எடுத்தாள். கிழவர் திமிறினார். அது வரைக்கும் ஒரு திமிறல்கூட இல்லாதவர். "திமிறட்டும், நல்லது," என்றாள் தேவமணி. பிறகு முனிலட்சுமியைப் பார்த்தாள். அவள் குரல் கொஞ்சமும் இறங்கவில்லை.

"இனிமே ரெண்டு மணிக்கொரு தரம் திருப்பும்போதெல்லாம் அவரைக் கேளு. நான் யாரு, இது என்ன ஊருன்னு கேளு. தப்பாச் சொன்னாலும், எழுப்ப எழுப்பத் தூங்கினாலும், மூச்சு வேகம் ஏறினாலும், உதடு நீலமானாலும் உடனே என்னைக் கூப்பிடு. நான் எங்க இருந்தாலும் சரி, எவன் கால் ஒடிஞ்சு கெடந்தாலும் சரி."

"என்னாலதானே அம்மா இப்படி ஆச்சு?"

"ஆமா," என்றாள் தேவமணி. "உன்னாலயும்தான். ஊசி போடாமத் திரும்பினவளாலயும்தான், காலையிலேருந்து எட்டிப் பாக்காத என்னாலயும்தான். அழுவறதுன்னா அவரை இடது பக்கம் திருப்பிட்டு அழு."

அவள் திருப்பினாள். அழவில்லை. அடுத்து வந்த ஊசிகளில் ஒன்றுகூடத் தவறவில்லை, ஏனென்றால் நேரமாவதற்கு முன்னாலேயே முனிலட்சுமி வாசலில் போய் நின்று, "தட்டு எங்கே?" என்று உயிரை எடுத்தாள். ஒவ்வொரு தரம் திருப்பும்போதும் கேட்டாள்.

"நான் யாரு, சொல்லு நைனா."

"கெங்கம்மா," என்றார் முதலில். தேவமணியைக் கூப்பிட்டாள். அடுத்த முறை பதிலே இல்லை, முனகல்தான். மறுபடியும் கூப்பிட்டாள். மறுநாள் சாயங்காலம் மூத்திரம் போனார். நகத்தில் நீலம் வெளுத்தது. மூச்சை எண்ணுவதற்கு முனிலட்சுமியே தேவமணி பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டாள். அது மெல்ல மெல்ல இறங்கியது.

அதற்கும் மறுநாள் காலையில் அவரைத் திருப்பக் கைவைத்தாள்.

"ஏமே!" என்றார் நாராயணப்பன். குரல் கிழிந்த சாக்கு மாதிரி இருந்தது. "எருமைக் கையை எடுடி. விலா நோவுது. தரித்திரம் புடிச்சவளே, கூழ் எங்கே?"

பக்கத்துக் கட்டில்காரர் "முருகா, ஆரம்பிச்சிட்டாரு," என்று முணுமுணுத்தார். தேவமணி வந்து பார்த்து, முதல் தடவையாகச் சிரித்தாள். முனிலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. பிழைத்துவிட்டார். அந்தக் கண்ணும் புண்ணியமும் போய்விட்டது, பழைய ஏமே திரும்பி வந்துவிட்டது.

"கூழுக்கு முன்னால சளியை எடுக்கணும்," என்றாள் தேவமணி. "இன்னும் உள்ளே இருக்கு. முதுகுல தட்டக் கத்துக்கோ. துணி மேலேயே தட்டு. கையைக் குழிச்சுக்கோ, தண்ணி ஏந்தற மாதிரி. வலது விலா மேலே மட்டும். முதுகெலும்பு மேலே கூடாது, இடுப்புப் பக்கம் கூடாது. சத்தம்தான் பெருசா வரணும், வலி வரக் கூடாது."

நாராயணப்பன் இடது பக்கம் திரும்பிக் கிடந்தார். முனிலட்சுமி கையைக் குழித்துத் தட்டினாள். டொப், டொப் என்று வெற்றுப் பானையில் அடிக்கிற சத்தம். வாழ்நாளில் அவள் அந்த முதுகில் கை ஓங்கியதே இல்லை. இப்போது ஆஸ்பத்திரியே உத்தரவு கொடுத்து அடிக்கச் சொல்கிறது.

"கொல்றாளே! பெத்த அப்பனை அடிக்கிறாளே! கேக்கறவன் இல்லியா?"

"கத்து, நைனா, நல்லாக் கத்து. கத்தினாத்தான் சளி கெளம்பும்." டொப், டொப். "நான் யாரு?"

"ஏமே—"

"அது பேரு இல்லே. நர்சம்மா கேக்கச் சொல்லியிருக்காங்க. தப்பாச் சொன்னா இன்னொரு ஊசி." அந்தக் கடைசி வார்த்தையை தேவமணி சொல்லவே இல்லை. பக்கத்தில் நின்றவள் மறுக்கவும் இல்லை. "நான் யாரு, சொல்லு."

"பைத்தியக்காரி!"

"அதுவும் பேரு இல்லே." டொப், டொப், டொப்.

அவர் தலையணையை விலாவோடு அணைத்துக்கொண்டு எழுந்து குனிந்து, வயிற்றிலிருந்து இருமினார். கட்டியாகச் சளி குவளையில் விழுந்தது. நீளமாக ஒரு மூச்சு இழுத்தார். முகம் சிவந்து, கண் இரண்டும் பிதுங்கி, உலகத்துக் கோபமெல்லாம் ஒன்றாகத் திரண்டு அவளைப் பார்த்தார்.

"முனிலட்சுமிடீ! கண்ணு தெரியாதவன்னு நெனச்சியா? எம் மவ முனிலட்சுமி! எத்தினி வாட்டிடி கேப்பே?"

அவள் குவளையை மூடினாள். கீழே வைத்தாள்.

"ரெண்டு மணிக்கொரு தரம் கேப்பேன்," என்றாள்.

ஆனால் அன்றைக்கு அவள் அரை மணிக்கொரு தரம் கேட்டாள்.